மாதச் சந்தா கட்டிக் கலைப்படம் பார்ப்பது தேறுமா?

தாம்பரம்_வெங்கட்

வணக்கம். மூபி என்ற கலைப்படத் தளத்தை ஏழு நாள் இலவசமாக எடுத்துப் பார்த்தேன், நாளை மறுநாள் முடிகிறது. அதற்கு மேல் பணம் போகும். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெரிய தளங்களுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறோம், மூன்றாவதாக ஒன்று என்றால் மனைவி கணக்குக் கேட்பாள், கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இந்த ஏழு நாளில் நான் "பிறகு பார்க்க" என்று பட்டியலில் போட்ட படங்கள் 43. முழுசாகப் பார்த்தது ஒன்று. இன்னொரு ஈரான் படத்தை ஆரம்பித்து, கதாநாயகன் காரில் மலைப்பாதையில் போய்க்கொண்டே இருந்தான், நான் தூங்கிவிட்டேன், எழுந்து பார்த்தால் இன்னும் போய்க்கொண்டிருந்தான்.

ஆபீஸ் நண்பன் ஒருவன் மூபி வேண்டாம், கிரைட்டீரியன் சேனல்தான் அசல் சரக்கு என்கிறான். அம்மா வேறு கூட இருக்கிறார், அவருக்கு ஐம்பது அறுபதுகளின் தமிழ்ப்படம் போதும், யூடியூபில் பார்க்கிறார். இந்த மாதிரித் தனி ருசித் தளங்களுக்குக் காசு கொடுப்பது உண்மையிலேயே தேறுமா? கட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சினிமாபித்தன்77

வேஸ்ட். மூபியில் மொத்தமே 30 படம்தான். தினம் ஒன்று வரும், ஒன்று போகும். முப்பது படத்துக்கு யாராவது மாதாமாதம் காசு கட்டுவார்களா? அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு ஒரு தடவை தியேட்டர் போய்விட்டு வரலாம். கலைப்படம் பார்க்கிறேன் என்று பேஸ்புக்கில் போட்டுக்கொள்ள மட்டும்தான் அது.

நெகட்டிவ்_ரூம்

பித்தன் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. 2007இல் வேறு பெயரில் தொடங்கி, 2010இல் மூபி என்று பெயர் மாற்றி, பிறகு பல வருடம் "30 நாளில் 30 படம்" என்ற கணக்கில்தான் ஓட்டினார்கள். 2020 மே மாதம் அதற்குப் பக்கத்திலேயே பழைய படங்களை வைத்த நூலகப் பகுதியைத் திறந்துவிட்டார்கள். ஆகவே இப்போது 30 படம் என்ற வரம்பு கிடையாது. தினம் ஒரு படத்தை முன்னால் நிறுத்திக் காட்டும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் சென்னையில் ஒரு பில்ம் லேபில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன், அந்தப் புத்தியில்தான் சொல்கிறேன். வெங்கட் தம்பி கேட்ட கேள்விக்குப் படங்களின் எண்ணிக்கையை வைத்துப் பதில் சொல்லவே முடியாது. பெரிய தளத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கும். இந்தச் சின்னத் தளங்கள் விற்பது இரண்டே சரக்கு. யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்துப் பொறுக்கிய பட்டியல் ஒன்று. படத்தின் நல்ல பிரதி இன்னொன்று. இந்த இரண்டாவதை யாரும் விலையில் சேர்த்துப் பார்ப்பதில்லை, ஆனால் செலவு அங்கேதான் போகிறது.

வங்காள இயக்குநர் சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1993இல் லண்டன் லேப் ஒன்றில் தீப்பிடித்து அதன் மூல நெகட்டிவ் வெந்துபோயிற்று. வெந்த சுருள்களைத் தூக்கிப் போடாமல் அமெரிக்காவில் ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகத்தில் வைத்திருந்தார்கள். இருபது வருடம் கழித்து இத்தாலியில் பொலோஞா நகரத்து லேபில் அந்தச் சுருள்களுக்கு ஈரப்பதம் ஏற்றி, ஒட்டிப்போனதைப் பிரித்து, பல்சக்கர ஓட்டை போனதைக் கையால் ஒட்டுப்போட்டுச் சரிசெய்தார்கள். கைவேலை மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம். தேறாத பகுதிகளுக்கு வேறு இடங்களில் இருந்த நகல்களை எடுத்துக்கொண்டார்கள். 2015இல் அது வெளிவந்தது, கிரைட்டீரியன் வேலை அது. இப்போது அதே படத்தை யூடியூபில் ஒரு டிவிப் பதிவிலும் பார்க்கலாம், கதை ஒன்றுதான். வித்தியாசம் தெரிகிறதா, தெரிந்தால் அது உங்களுக்கு முக்கியமா என்பதைப் பொறுத்துத்தான் சந்தா.

தாம்பரம்_வெங்கட்

நன்றி ஐயா. என் டிவி 43 அங்குலம், சில நாள் போனில்தான் பார்க்கிறேன், அதில் தெரியுமா என்று எனக்கே சந்தேகம்.

நெகட்டிவ்_ரூம்

போனில் தெரியாது. போனில் பார்ப்பவர் பிரதிக்காகக் காசு கட்ட வேண்டாம், அந்தப் பொறுக்கிய பட்டியலுக்காக வேண்டுமானால் கட்டலாம்.

டொராண்டோ_மல்லி

வெங்கட், உங்கள் நண்பர் சொன்ன கிரைட்டீரியன் சேனலை நான் இங்கே ஒரு வருடம் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் "நீ பார்க்கிறாயா, பட்டியல் போடுகிறாயா" என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் ரோஷம் வந்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கணக்கு இதுதான்.

ஆண்டுச் சந்தா 99.99 அமெரிக்க டாலர், மாதமாகக் கட்டினால் 10.99. வருடம் முழுக்க நான் கடைசி எழுத்து ஓடும்வரை பார்த்தது 41 படம். வகுத்தால் ஒரு படத்துக்கு இரண்டரை டாலருக்குச் சற்றுக் கீழே. இங்கே ஒரு காபி விலை கூட இல்லை. அதைக் காட்டி வீட்டுக்காரரிடம் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் நோட்டை மறுபடி புரட்டினேன். 41இல் 26 படம் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் பார்த்தவை. வெளியே பனி, வேறு போக்கிடம் கிடையாது. மீதி எட்டு மாதத்தில் 15தான். அந்த 15இல் ஒன்பது படம் கனோப்பியில் இருந்தது. அது பொது நூலக அட்டை இருந்தால் இலவசம், டொராண்டோ நூலகத்தில் உண்டு, மாதத்துக்கு இத்தனை என்று வரம்பு மட்டும் வைத்திருக்கிறார்கள். அதாவது குளிர்காலம் நாலு மாதம் மட்டும் மாதக் கணக்கில் கட்டியிருந்தால் 43.96 ஆகியிருக்கும். 56 டாலர் மிச்சம். இழந்திருப்பது ஆறு படம், அதில் இரண்டு எனக்குப் பிடிக்கவும் இல்லை.

ஆண்டுச் சந்தா மலிவு என்று அவர்கள் சொல்வது 12 மாதமும் பார்ப்பவருக்கு. நான் நாலு மாத ஆள் என்பது எனக்கே நோட்டுப் போட்டபிறகுதான் தெரிந்தது. இப்போது நவம்பரில் கட்டுகிறேன், மார்ச்சில் நிறுத்துகிறேன்.

சினிமாபித்தன்77

நாலு மாதம் கட்டி எட்டு மாதம் நிறுத்தி, அதற்கு ஒரு நோட்டு வேறு. அக்கா, சினிமா பார்க்கிறீர்களா ஆடிட் செய்கிறீர்களா?

டொராண்டோ_மல்லி

இரண்டும்தான் தம்பி. நான் வேலை பார்ப்பதே கணக்கு ஆபீஸில்.

தாம்பரம்_வெங்கட்

மல்லி அக்கா, கிரைட்டீரியன் சேனல் ஆப் இங்கே என் டிவியில் தேடினால் வரவே மாட்டேன் என்கிறது. நண்பன் எப்படிப் பார்க்கிறான்?

நெகட்டிவ்_ரூம்

வராது. அது அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும். நண்பர் விபிஎன் போட்டுப் பார்ப்பார், வெளிநாட்டு கார்டும் யாரிடமாவது வாங்கியிருப்பார். ஒப்பந்தப்படி அது கூடாது. அவர்கள் கஞ்சத்தனத்தால் பூட்டி வைக்கவில்லை. ஒரு படத்தின் உரிமையை நாடு நாடாகப் பிரித்துத்தான் விற்பார்கள். வட அமெரிக்க உரிமை ஒருவரிடம், அதே படத்தின் இந்திய உரிமை இன்னொருவரிடம், அதுவும் மூன்று வருடம் ஐந்து வருடம் என்று காலக்கெடுவோடு. கெடு முடிந்தால் படம் இறங்கிவிடும். மாதக் கடைசியில் "இந்த மாதத்தோடு போகிறவை" என்று ஒரு வரிசை காட்டுவார்களே, அது இதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படம் மட்டுமல்ல, தளமே போய்விடும். கிரைட்டீரியன் படங்கள் அதற்கு முன் பில்ம்ஸ்ட்ரக் என்ற தளத்தில் இருந்தன. 2016 நவம்பரில் ஆரம்பித்தது. பழைய ஹாலிவுட்டும் உலக சினிமாவும் சேர்ந்து, ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். 2018 அக்டோபர் 26 அன்று மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள், நவம்பர் 29 அன்று மூடினார்கள். ஒரு மாதம்தான் அவகாசம். மேலே இருந்த பெரிய கம்பெனிக்கு இவ்வளவு சின்னக் கூட்டம் போதவில்லை. அதற்குப் பிறகுதான் 2019 ஏப்ரலில் கிரைட்டீரியன் தனியாகத் தன் சேனலைத் தொடங்கியது. சின்னத் தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் மாதமாகத்தான் கட்டுவேன்.

குறும்பட_குமரன்

நல்ல இழை. நான் 22 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்து முடித்திருக்கிறேன். மூபியில் போட எவ்வளவு கட்ட வேண்டும்? சந்தா கட்டினால் நாமே ஏற்றிக்கொள்ளலாமா?

நெகட்டிவ்_ரூம்

தம்பி, இது பார்ப்பவர் கட்டும் சந்தா. நாமே ஏற்றுவதற்கு யூடியூப்தான். இந்தத் தளங்களில் பெரும்பாலும் திரைவிழாவில் ஓடிய பிறகு, விற்பனை முகவர் மூலமாகத்தான் படம் போகும். முதலில் விழாக்களுக்கு அனுப்புங்கள். தனி இழை திறந்தால் விவரமாகச் சொல்கிறேன்.

கோவை_பாபு

என் கதையையும் சொல்கிறேன், பெயர் வேண்டாம், ஒரு தளம், கலைப்படத் தளம்தான், தள்ளுபடி போட்டிருந்தார்கள் என்று ஒரு மாதத்துக்குக் குறைந்த விலையில் எடுத்தேன், நாலு படம் பார்த்தேன், போதும் என்று போனிலிருந்து ஆப்பை அழித்துவிட்டேன், ஆப்பை அழித்தால் சந்தா போய்விடும் என்று நினைத்த அறிவாளி நான். ஏழு மாதம் கழித்துப் பாஸ்புக் போட்டபோதுதான் தெரிந்தது, ஆறு முறை முழு விலைக்குப் பணம் போயிருக்கிறது. எழுதிக் கேட்டேன், கடைசி மாதத்துடையதை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். தேறுமா தேறாதா என்ற கேள்விக்கு என் பதில், அந்த நாலு படத்துக்கு நான் கொடுத்த விலையில் ஒரு மிக்சி வாங்கியிருக்கலாம்.

டொராண்டோ_மல்லி

ஐயோ பாபு. அங்கே பணம் எடுப்பதற்கு முன்னால் குறுஞ்செய்தி வராதா?

கோவை_பாபு

வரும் அக்கா, வந்திருக்கிறது, அதுதான் கொடுமை. ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும், 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிறகு தேடிப் பார்த்தேன், ஆறும் இருந்தது. கடன் வேண்டுமா, வீடு வேண்டுமா என்று வரும் முப்பது செய்திகளுக்கு நடுவே போய்விட்டது. வெங்கட், ஒன்று செய்யுங்கள். எந்த வழியில் எடுத்தீர்களோ அந்த வழியில்தான் நிறுத்த முடியும். போனின் ப்ளே ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால் அங்கே சந்தாப் பகுதியில் நிறுத்த வேண்டும், யூபிஐ ஆட்டோபே என்றால் அந்த யூபிஐ ஆப்பிலேயே மேன்டேட் பட்டியல் இருக்கும், அதில் ரத்து செய்யலாம். இன்று எடுத்தால் இன்றே ரத்து செய்துவிடுங்கள். கட்டிய மாதம் முடியும்வரை பெரும்பாலும் ஓடும். ஆனால் இலவச நாட்களில் ரத்து செய்தால் சில தளங்கள் உடனே கதவைச் சாத்திவிடும், அதை மட்டும் படித்துப் பார்த்துச் செய்யுங்கள்.

சால்ட்லேக்_மருமகன்

எல்லோரும் கலைப்படத்தையே பேசுகிறீர்கள். என் வீட்டில் ஓடுவது ஹொய்ச்சொய். மனைவி வங்காளி, மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். வங்காள மொழிக்கு மட்டுமான தளம், 2017இல் வந்தது. இதற்கு ஆண்டுச் சந்தாதான் கட்டுகிறேன், ஒரு தடவைகூட யோசித்ததில்லை. ஏனென்றால் மாமியார் தினமும் பார்க்கிறார். துப்பறியும் தொடர் ஒன்று முடிந்தால் அடுத்தது. மல்லி அக்கா கணக்குப்படி வகுத்தால் ஒரு நாளைக்குச் சில ரூபாய்கூட வராது.

நான் கவனித்தது ஒன்று. மொழித் தளம் நிற்பது தொடர்களால். பழைய நல்ல படங்களும் இருக்கின்றன, ஆனால் அவற்றை எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஐந்தாறு தடவை பார்த்தால் அதிகம். அந்தப் படங்களுக்காக மட்டும் என்றால் நானும் கட்ட மாட்டேன். எனக்கு வங்காளம் அரைகுறை, ஆங்கில சப்டைட்டில்தான் துணை. தமிழ் சப்டைட்டில் எங்கேயும் கண்டதில்லை, யாராவது கண்டிருந்தால் சொல்லுங்கள்.

நாகர்கோவில்_ஜோஸ்

எனக்குச் சந்தா என்ற ஏற்பாடே பிடிக்காது. எங்கள் பக்கத்தில் மலையாளப் படம் எல்லோரும் பார்ப்போம். கேரள அரசே சி-ஸ்பேஸ் என்று ஒரு தளம் நடத்துகிறது, 2024 மார்ச்சில் தொடங்கினார்கள், அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம்தான் பொறுப்பு. அதில் மாதச் சந்தா கிடையாது. ஒரு படம் 75 ரூபாய், பார்க்க வேண்டியதற்கு மட்டும் கொடுத்தால் போதும். அந்தக் காசில் பாதி தயாரிப்பாளருக்குப் போகிறது. எந்தப் படத்தை ஏற்றலாம் என்று பார்க்க எழுத்தாளர்கள், இயக்குநர்கள் அடங்கிய குழு ஒன்று இருக்கிறது. தொடங்கியபோது குறும்படம், ஆவணப்படம் எல்லாம் சேர்த்து 42தான்.

வெங்கட் அண்ணன் மாதிரி வாரத்துக்கு அரைப்படம் பார்ப்பவருக்கு இதுதான் சரி. மாதச் சந்தா 400 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 75 ரூபாய்க் கணக்கில் மாதம் ஐந்து படம் என்றால் 375, ஆறாவது படத்திலிருந்துதான் சந்தா லாபம். மாதம் ஆறு கலைப்படத்தை முழுசாகப் பார்க்கும் மனிதரை நான் எங்கள் ஊரில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன், அவர் ரிட்டயர்டு வாத்தியார்.

சினிமாபித்தன்77

42 படம்! என் 30ஐ விட 12 அதிகம். 😀 ஜோஸ், கடைக்குள் சரக்கே இல்லாமல் விலை மட்டும் நியாயமாக இருந்து என்ன பயன்?

நாகர்கோவில்_ஜோஸ்

அது குறைதான், மறுக்கவில்லை. ஆனால் சரக்கு இல்லாத கடையில் நான் வாங்காவிட்டால் என் காசு போகாதே. சந்தாக் கடையில் வாங்காவிட்டாலும் போகும்.

டொராண்டோ_மல்லி

ஜோஸ் சொல்வதில் ஒன்று மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் 75 கொடுப்பதாக இருந்தால் நான் பெயர் தெரியாத படத்தைத் தொடவே மாட்டேன். சந்தா கட்டியிருந்ததால்தான் ஏதோ ஒரு செனகல் படத்தை "சரி, பத்து நிமிடம் பார்ப்போம்" என்று போட்டேன், அந்த வருடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். என் 41இல் பாதிக்கு மேல் முன்பின் கேள்விப்படாதவை. தெரிந்த படத்தை மட்டும் தேடிப் பார்ப்பவருக்கு உங்கள் கணக்கு, துழாவிப் பார்ப்பவருக்கு என் கணக்கு.

தாம்பரம்_வெங்கட்

எல்லாம் படித்தேன். இதற்கிடையில் அம்மா விஷயத்தில் ஒரு வேடிக்கை. நேற்று அவர் யூடியூபில் பழைய படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு வந்ததும் "என்னடா இது, பாட்டு ஓடிப்போகிறது, குரலும் கீச்சென்று இருக்கிறது" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு வயது 71, காதில்தான் ஏதோ என்று நினைத்தேன். அப்புறம் "இதில் இன்னொரு பாட்டு உண்டே, எங்கே போச்சு" என்றும் கேட்டார். நெகட்டிவ் ஐயா, அப்படி நடக்குமா?

நெகட்டிவ்_ரூம்

அம்மாவுக்குக் காது மிக நன்றாக இருக்கிறது. அவர் கேட்டது உண்மை.

சினிமா நொடிக்கு 24 பிரேம். நம் ஊர் டிவி முறை நொடிக்கு 25. அந்தக் காலத்தில் டிவிக்காகப் பிரதியை டேப்பில் மாற்றும்போது 24ஐ அப்படியே 25ஆக ஓட்டிவிடுவோம், அதுதான் சுலபம். படம் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாகிவிடும், சுருதியும் ஏறும், அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக. பாட்டைப் புதிதாகக் கேட்பவருக்குத் தெரியாது. ரேடியோவிலும் இசைத்தட்டிலும் கேட்டு ஊறியவருக்கு உடனே உறுத்தும். யூடியூபில் கிடக்கும் பழைய படங்களில் நிறைய அந்த டேப்பிலிருந்து வந்தவை.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பழைய படத்தின் தொடக்கத்தில் சென்சார் சான்றிதழ் வரும், அதை வெட்டாமல் விட்டிருந்தால் படத்தின் நீளம் அடிக்கணக்கில் இருக்கும். 35 எம்எம் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அடியை 90ஆல் வகுத்தால் தியேட்டரில் ஓடிய நிமிடம். அதை 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் வேகமாக ஓட்டிய பிரதியின் நிமிடம். பதிவேற்றியதன் நேரம் அதற்கும் கீழே இருந்தால் மிச்சம் கத்தரிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். மீட்டராகப் போட்டிருந்தால் 27.4ஆல் வகுங்கள்.

கூடவே தலைகளையும் பாருங்கள். அந்தக் காலப் படம் ஏறக்குறையச் சதுரமாக இருக்கும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழ வேண்டும். இப்போதைய டிவி முழுக்க நிரம்பியிருந்தால், ஒன்று இழுத்துவிட்டிருப்பார்கள், எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். அல்லது மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள், அப்படி வெட்டினால் படத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடும். எழுத்து போடும் இடத்தில் பார்த்தால் தெரியும், பெயர்களின் மேல் வரியோ கீழ் வரியோ பாதி அறுந்திருக்கும்.

தாம்பரம்_வெங்கட்

ஐயா, செய்து பார்த்தேன்! சான்றிதழ் நல்லவேளை இருந்தது. 16,200 அடி. 90ஆல் வகுத்தால் சரியாக 180 நிமிடம். 24, 25 கணக்குப் போட்டால் 173 வருகிறது. யூடியூபில் இருப்பது 2 மணி 38 நிமிடம், அதாவது 158. பதினைந்து நிமிடம் காணோம். அம்மாவிடம் சொன்னேன், உட்கார்ந்து யோசித்து, இரண்டு பாட்டும் ஒரு கோர்ட் காமெடியும் இல்லை என்று விரல் விட்டு எண்ணிவிட்டார். பட்டையும் இல்லை, டிவி முழுக்க நிரம்பித்தான் ஓடுகிறது, கதாநாயகிக்கு நெற்றியே இல்லை.

சரி, இப்போது நிஜக் கேள்வி. இந்தப் படத்தை ஒழுங்கான வேகத்தில், முழு நீளத்தில் காட்டும் தளம் எது? அதற்குத் தாராளமாகக் கட்டுகிறேன்.

நெகட்டிவ்_ரூம்

அதுதான் இல்லை. வங்காளத்தில் ராய்க்கு வெளிநாட்டுக்காரர் வந்தார்கள். மலையாளத்தில் அரவிந்தனின் கும்மாட்டி, தம்பு படங்களை மும்பையில் இருக்கும் பில்ம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் எடுத்துச் சரிசெய்தது, தம்பு 2022இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. மணிப்புரிப் படம் ஒன்றுகூட அப்படிப் போயிற்று. தமிழில் ஐம்பதுகளின் வெகுஜனப் படங்களை அப்படி வரிசையாக எடுத்துச் சரிசெய்து, அதற்கென்றே ஒரு தளத்தில் வைத்தவர் யாரும் இல்லை. பெரிய தமிழ்த் தளங்களில் பழைய படம் உண்டு, ஆனால் அவையும் பெரும்பாலும் டிவிக்காக எடுத்த பிரதிதான்.

காரணம் காசு மட்டுமில்லை. உரிமை யாரிடம் என்பதே சிக்கல். தயாரிப்பாளர் நெகட்டிவ் உரிமையை ஒருவரிடம் அடகு வைத்திருப்பார், அது மீளாமல் போயிருக்கும். பிள்ளைகள் டிவி உரிமையை இன்னொருவருக்கு 99 வருடத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பத்திரத்தில் இன்டர்நெட் என்ற சொல்லே இருக்காது. இரண்டு பேர் ஒரே படத்துக்கு உரிமை கொண்டாடுவார்கள், ஆனால் நெகட்டிவ் எங்கே என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது. நான் வேலை பார்த்த இடத்திலேயே வாடகை பாக்கி என்று உரிமையாளர் வந்து எடுக்காத டப்பாக்கள் வினிகர் வாடை அடித்து, சுருள் சுருங்கிக் கட்டியாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். திறந்தால் கண் எரியும்.

சினிமாபித்தன்77

இருந்தாலும் யார் கட்டுவார்கள் ஐயா? யூடியூபில் ஓசியில் கிடைக்கும்போது நெற்றி தெரிய வேண்டும் என்பதற்காக மாதம் இருநூறு ரூபாய் கொடுக்கும் ஆள் தமிழ்நாட்டில் ஐயாயிரம் பேர்கூடத் தேற மாட்டார்கள்.

நாகர்கோவில்_ஜோஸ்

மாதாமாதம் கேட்டால் தர மாட்டார்கள். ஒரு படத்துக்கு 75 கேளுங்கள், முழுப்படம், எல்லாப் பாட்டும் உண்டு என்று போடுங்கள், தீபாவளிக்கு அம்மாவுக்கு வாங்கிக் கொடுப்பார்கள்.

சினிமாபித்தன்77

75 ரூபாயில் பாதி தயாரிப்பாளருக்கு, மீதியில் ஒரு படத்தைச் சரிசெய்ய எத்தனை பேர் வாங்க வேண்டும் என்று மல்லி அக்காவைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

டொராண்டோ_மல்லி

சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று ஐயா சொன்னால் போடுகிறேன்.

நெகட்டிவ்_ரூம்

சுருளின் நிலைமையைப் பார்க்காமல் யாரும் விலை சொல்ல மாட்டார்கள். நல்ல நகல் இருந்தால் ஒரு விலை, வினிகர் பிடித்திருந்தால் வேறு விலை. பித்தன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் டிவிக்காரர் மாற்றியபோது 24ஐ 24ஆகவே வைத்து, வெட்டாமல் மாற்றியிருந்தால் பாதிப் பிரச்சினை இருந்திருக்காது. சரி, தம்பி என்ன முடிவு செய்தீர்கள்?

தாம்பரம்_வெங்கட்

மூபியை நிறுத்திவிட்டேன், பாபு சொன்னபடி யூபிஐ பட்டியலிலும் போய்ப் பார்த்தேன், ரத்து என்று காட்டுகிறது. 43 படப் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். டிசம்பர் கடைசியில் எனக்குப் பத்து நாள் லீவு, மனைவி பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறாள். அந்த ஒரு மாதத்துக்குக் கட்டிப் பார்க்கப்போகிறேன், எட்டுப் படமாவது முடித்தால் அடுத்த வருடமும் டிசம்பர். முடிக்காவிட்டால் ஜோஸ் பக்கம் வந்துவிடுகிறேன். கார் மலைப்பாதையில் எங்கே போய்ச் சேர்ந்தது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு வேறு ஏற்பாடு. யூடியூபில் செட்டிங்கில் போய் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துப் பார்த்தேன், 0.95. பாட்டு அவர் நினைவில் இருந்த வேகத்துக்கு வந்துவிட்டது என்றார். சுருதி மட்டும் இறங்கவில்லையாம்.

நெகட்டிவ்_ரூம்

இறங்காது தம்பி. யூடியூப் வேகத்தைக் குறைத்தாலும் சுருதியை அப்படியே பிடித்து வைத்திருக்கும். கம்ப்யூட்டரில் கோப்பாக இருந்தால் விஎல்சியில் அந்தச் சுருதிப் பிடிப்பை எடுத்துவிட்டு 0.96 வையுங்கள், இரண்டும் சேர்ந்து இறங்கும். அம்மாவிடம் உங்கள் வீட்டில் அந்தப் படத்தின் இசைத்தட்டு இருக்கிறதா என்று கேளுங்கள், ஒப்பிட்டுச் சொல்லட்டும்.

தாம்பரம்_வெங்கட்

கேட்டேன். இசைத்தட்டு இல்லை, பாடிக் காட்டுகிறேன் என்கிறார்.